அத்தியாச வாக்கியமும் மாணவர் ஆங்கிலமும்

ஹைதராபாத் நகரின் வடமேற்கே உள்ள சனத்நகருக்கு நாம் குடிவந்த புதிதில், பெயர்ப் பலகையைக் கண்டதும் சனத்குமார முனிவரை நினைத்துக்கொண்டோம். சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நாரதருக்கு உபதேசம் செய்பவர் அவர். முனிவர் பெயரால் அமைந்த பேட்டையில் வாழ்வது பேறு என்று ஊருக்கும் கடிதம் எழுதிவிட்டோம். சில நாள் கழிந்த பின் அண்டை வீட்டுப் பெரியவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். 'சனத்' என்பது தொழிலைக் குறிக்கும் உருதுச் சொல். தொழிற்சாலைகளின் பொருட்டு எழுந்த பகுதியாதலால் இப்பெயர் என்றார். முனிவருக்கும் பேட்டைக்கும் தொடர்பு ஏதுமில்லை. முன்னர் எங்கோ அறிந்த ஒன்றின் நினைவை, கண்முன் நின்ற வேறொன்றின் மேல் நாமே ஏற்றிவிட்டோம். இச்சிறு பிழைக்குச் சங்கரர் ஒரு பெயர் வைத்திருக்கிறார். அப்பெயரையும், அது வருகின்ற பகுதியையும் மாணவர்களுக்காக எளிய ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தபோது நாம் பட்ட பாட்டையே இங்கு நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நமது அலுவல் மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பு. பகல் முழுவதும் சுற்றறிக்கைகளையும் விதிகளையும் ஆங்கிலத்திலிருந்து இந்திக்கு மாற்றுவோம். மாலையில் கல்லூரி மாணவர் நான்கைந்து பேர் வீட்டுக்கு வருவதுண்டு. ஒருவன் வீட்டில் தெலுங்கு, ஒருத்தி வீட்டில் கன்னடம், இருவர் நம்மைப் போலத் தமிழர். அவர்களுக்குப் பொதுவான எழுத்துமொழி ஆங்கிலம் ஒன்றே. வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் இந்நிலை புதிதன்று. நம் பிள்ளைகள் வேதாந்தத்தையும் ஆங்கில வழியாகவே முதலில் சந்திக்கின்றனர். பிரம்ம சூத்திரத்துக்குச் சங்கரர் வரைந்த பாஷ்யத்தின் முன்னுரை பாடமாக இருந்தது. அத்தியாச பாஷ்யம் என்று வழங்கும் அம்முன்னுரையின் தொடக்கத்தை எளிய ஆங்கிலத்தில், குறிப்புகளோடு எழுதித் தருமாறு கேட்டனர்.

அத்தொடக்கம் ஒரே நீண்ட வாக்கியம். தமிழைப் போலவே வடமொழியும் முடிக்கும் சொல்லைக் கடைசியில் வைக்கவல்லது. ஆதலால் அந்த வாக்கியம் இறுதிச் சொல் வரும்வரை தன் முடிவை வெளிவிடுவதில்லை. தமிழருக்கு இதில் இடர்ப்பாடு இல்லை. ஆங்கிலமோ வினையை முன்னே கேட்கும். எனவே முதல் வேலை, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைக் கண்டு, அது எதைப்பற்றிச் சொல்லுகிறது என்று பின்னோக்கிச் சென்று, துண்டு துண்டாக வெட்டுவதாகும்.

வெட்டிப் பார்த்தால் கருத்து இது. 'நான்' என்ற உணர்வில் விளங்குவது ஒன்று உண்டு. அதற்குப் புறம்பாய் அறியப்படுவது மற்றொன்று. இரண்டும் இருளும் ஒளியும் போல ஒவ்வாத இயல்புடையன. ஒன்று மற்றொன்றாதல் பொருந்தாது. ஒன்றின் குணம் மற்றொன்றைச் சேர்தல் அதனினும் பொருந்தாது. ஆகையால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் என்பதே நிகழ முடியாதது என்று சொல்லுவதுதான் நியாயம். இவ்வளவும் முதல் வாக்கியம். அடுத்த வாக்கியம் 'ஆயினும்' என்று தொடங்குகிறது. ஆயினும் மெய்யையும் மெய்யல்லாததையும் பிணைத்து, 'இது நான், இது எனது' என்று உலகம் இயல்பாகவே வழங்கி வருகிறது என்கிறார்.

முதற்படியில் நாம் இதனை ஏழு சிறு ஆங்கில வாக்கியங்களாக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுத்தோம். அலுவலகப் பழக்கம்! தெளிவாயிருக்கிறது என்று மகிழ்ந்தோம். மறுநாள் கன்னடப் பெண் ஒரு கேள்வியோடு வந்தாள். "சார், இரண்டல்ல என்பதுதானே அத்வைதம்? இவர் எடுத்த எடுப்பிலேயே இரண்டு என்கிறாரே!"

குற்றம் நம்முடையது. மூலத்தில் முதல் வாக்கியம் ஓர் ஒப்புக்கொள்ளல் மட்டுமே. முழுவதும் ஒரே மூச்சில் ஓடி, 'ஆயினும்' என்ற கீலில் திரும்புகிறது. ஏழு துண்டாக்கியதும் ஒவ்வொரு துண்டும் தனித்தனித் தீர்ப்பைப் போல நின்றுவிட்டது. உணர்வு வேறு, பொருள் வேறு, இரண்டும் என்றும் உள்ளவை என்று சாங்கியர் கூறும் கொள்கைக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாமற் போயிற்று. இரண்டாம் படியில் முதல் துண்டின் முன்னே 'எவரும் ஒப்புவர்' என்ற பொருளில் ஒரு தொடரையும், 'ஆயினும்' என்பதற்கு முன்னே ஒரு வரி இடைவெளியையும் வைத்தோம். கீழே ஒரு குறிப்பும் எழுதினோம். சங்கரர் இங்கே இரண்டு பொருள்களை நிலைநாட்ட வரவில்லை. நாம் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறோம் என்று காட்ட வந்திருக்கிறார். கலப்பைக் காட்ட வேண்டுமாயின் முதலில் பிரித்துக் காட்டத்தான் வேண்டும். பாலில் நீர் கலந்திருக்கிறது என்பவன், பால் இன்னது நீர் இன்னது என்று அறிந்திருக்க வேண்டுமல்லவா? ஆனால் இந்த உவமை பாதி தூரம்தான் வரும். பாலும் நீரும் இரண்டும் மெய். சங்கரர் பிரித்தவற்றில் ஒன்றுக்கே மெய் என்ற பெயர். அதையும் குறிப்பிலே சேர்த்தோம்.

அடுத்த முடிச்சு ஒரு சிறு சொல்லில் இருந்தது. 'நான்' என்பதற்கு எதிராகச் சங்கரர் வைத்திருப்பது 'இது' என்ற சொல் அன்று. 'நீ' என்ற சொல். குடமும் உடம்பும் மனமும் எல்லாம் அந்த 'நீ' என்ற பக்கத்தில் அடங்குகின்றன. 1890 ஆம் ஆண்டில் 'கிழக்கின் புனித நூல்கள்' வரிசையின் 34 ஆம் தொகுதியாக இந்தப் பாஷ்யத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜார்ஜ் தீபோ, 'தௌ' என்ற பழைய ஆங்கிலச் சொல்லையே இட்டு, 'நான் அல்லாதது' எனப் பொருள்படும் விளக்கத்தை அடைப்புக்குறிக்குள் சேர்த்தார். நேர்மையான முறை அது. ஆயினும் இன்றைய மாணவருக்கு 'தௌ' என்றால் கிறிஸ்தவ வேதத்திலே கடவுளை அழைக்கும் சொல் நினைவுக்கு வருகிறது. "குடத்தைப் பார்த்து யாராவது 'நீ' என்பார்களா சார்?" என்று தெலுங்குப் பையன் கேட்டான்.

இக்கேள்வியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாசஸ்பதி மிச்ரர் எழுப்பிக்கொண்டார். மிதிலையைச் சேர்ந்த அவர் எழுதிய உரை 'பாமதி'. அதன் முதற்பகுதியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். எஸ். சூரியநாராயண சாஸ்திரியாரும் சி. குஞ்ஞன் ராஜாவும் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1933 இல் அடையாற்றில் வெளியிட்டனர். வாசஸ்பதி கூறும் விடை எளியது. 'இது' என்ற சொல் 'நான்' என்பதோடு ஒரே வாக்கியத்தில் இணங்கி நிற்கும். 'நீ' என்ற சொல் ஒருபோதும் இணங்காது. முற்றிலும் எதிரானவை என்பதைக் காட்டவே 'நீ' என்றார் ஆசிரியர்.

நேயர்கள் இதைத் தமிழிலேயே சோதித்துக்கொள்ளலாம். பழைய குடும்பப் புகைப்படம் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுக்கிறோம். ஓரத்தில் அரைக்கால் சட்டையோடு நிற்கும் சிறுவனைத் தொட்டு, 'இது நான்' என்கிறோம். கேட்பவர் எவரும் திகைப்பதில்லை. அதே சிறுவனைக் காட்டி 'நீ நான்' என்று சொல்ல வாய் வருமா? வாராது. மேலும் ஒன்று. 'இது நான்' என்ற அவ்வாக்கியந்தான் பகுதியின் முடிவில் சங்கரர் பிழை என்று சுட்டுகின்ற வாக்கியம். தொடக்கத்திலேயே 'இது' என்று எழுதியிருப்பாரானால், பிழைபட்ட வழக்கின் சொல்லைக் கொண்டே பிழையை விளக்கியதாகியிருக்கும். இது வாசஸ்பதி சொன்னதன்று. புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நமக்குத் தோன்றியது. மாணவருக்கான படியில், 'நான் அல்லாதது எதுவோ அது' என்ற பொருளில் எளிய ஆங்கிலத் தொடரை இட்டு, மூலச்சொல் 'நீ' என்பதையும் காரணத்தையும் குறிப்பிலே தந்தோம்.

அவ்விரண்டுக்கும் சங்கரர் தரும் வேறு பெயர்கள் விஷயம், விஷயி என்பன. ஆங்கில நூல்களில் இவை 'ஆப்ஜெக்ட்', 'ஸப்ஜெக்ட்' என்று வரும். 'ஸப்ஜெக்ட்' என்றால் நம் மாணவருக்குப் பள்ளிப் பாடம். இல்லையேல் இலக்கணத்தின் எழுவாய். எளிமை கருதி நாம் 'அறிபவன்' என்று பொருள்படும் 'நோயர்' என்ற ஆங்கிலச் சொல்லை இட்டோம். இது நாம் செய்த பிழைகளில் மிகவும் நுட்பமானது. எவரும் கேளாமல் நாமே இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டோம். ஏனெனில் அதே முன்னுரையில் சற்றுக் கீழே சங்கரர் கூறுவது யாதெனில், உடம்பிலும் புலன்களிலும் 'நான், எனது' என்ற எண்ணம் இல்லாதவனுக்கு அறிபவன் என்ற நிலையே கூடாது என்பதாகும். அறிபவன் என்பதே அந்தக் கலப்பின் விளைவு! அப்படியிருக்க, கலப்புக்கு முன்னே பிரித்து வைத்த இரண்டில் ஒன்றுக்கு 'அறிபவன்' என்று பெயரிட்டால், நிரூபிக்க வேண்டியதை முதல் வரியிலேயே வாரி இறைத்துவிட்டோம் என்று பொருள். சொல்லை அடித்து, 'உணர்வாய் விளங்குவது' என்னும் பொருளில் மாற்றினோம். ஆங்கிலம் சற்றுக் கரடுமுரடாயிற்று. கரடுமுரடு இருக்கட்டும் என்று விட்டோம். எளிய சொல் வேறு, எளிதாக ஏமாற்றும் சொல் வேறு. இப்பகுதியில் இரண்டும் ஒரே உடையில் வருகின்றன.

இனி 'மித்யா' என்ற சொல். இதற்கு அகராதியில் கண்ட 'இல்யூஷன்' என்ற ஆங்கிலச் சொல்லையே முதற்படியில் எங்கும் இட்டிருந்தோம். தமிழ் மாணவரில் ஒருவன் அதிகம் பேசாதவன். அவன் தந்தை ஓர் ஆலையில் அழுத்து இயந்திரத்தில் வேலை பார்த்தவர். வலக்கையில் இரண்டு விரல்களை அதற்குப் பறிகொடுத்தவர். மற்றவர்கள் எழுந்து சென்ற பிறகு அவன் கேட்டான். "சார், எங்கப்பா விரல் போனதும் இல்யூஷன்தானா? அந்த வலி?"

நமக்கு விடை தோன்றவில்லை. உடம்பு வேறு ஆன்மா வேறு என்று ஏதோ சொன்னோம். அவன் தலையசைத்துப் போய்விட்டான். அன்றிரவு மூலத்தை மீண்டும் திறந்தோம்.

சங்கரரின் நேர்மாணவர் என்று மரபு கூறும் பத்மபாதர், இத்தொடக்கப் பகுதிக்குப் 'பஞ்சபாதிகை' என்ற உரை வரைந்தார். அதற்கு டி. வேங்கடராமையா செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1948 இல் பரோடாவில் வெளியாயிற்று. பத்மபாதர் அதில் கூறுவது, 'மித்யா' என்பது இருபொருள் கொண்ட சொல் என்பதே. ஒன்று, அடியோடு மறுத்தல். மற்றொன்று, உண்டு என்றும் இல்லை என்றும் அறுதியிட்டுச் சொல்லவொண்ணாமை. முதல் வாக்கியத்தில் வருவது மறுப்பு. கலப்பு நிகழவே முடியாது என்று சொல்லுவது நியாயம் என்னுமிடத்தில் அது நிற்கிறது. அதற்கு 'அப்படி ஒன்று இருக்க இயலாது' என்ற ஆங்கிலத் தொடரே போதும். 'இல்யூஷன்' என்ற சொல்லுக்கு அங்கே இடமேயில்லை.

இரண்டாம் வாக்கியத்தில் அதே சொல் ஒரு தொகைச்சொல்லின் உறுப்பாக வருகிறது. அங்கே புணர்ச்சி ஒரு விளையாட்டு விளையாடுகிறது. மித்யா என்பதோடு ஞானம் சேர்ந்தாலும், அஞ்ஞானம் சேர்ந்தாலும் எழுத்து வடிவம் ஒன்றே. 'ஆ'காரத்தில் 'அ'கரம் மறைந்துவிடும். முன்னதாகப் பிரித்தால் 'பிழையான அறிவு' என்றாகும்; தீபோ அவ்வாறே கொண்டார். பத்மபாதர் பின்னதாகப் பிரித்து, சொல்லவொண்ணாத ஓர் அறியாமை என்கிறார். பின்னாளில் அவர் வழியினர் கட்டிய கொள்கை மாளிகை முழுவதும் இந்த மறைந்த ஓர் 'அ'கரத்தின் மேல் சாய்ந்திருக்கிறது என்றால் மிகையாகாது. நாம் ஆங்கிலத்தில் 'பிழையான அறிவு' என்றே எழுதி, பத்மபாதர் பிரிப்பைக் குறிப்பில் வைத்தோம். ஒரு கட்சியாரின் முடிவை மூலத்தின் வாயில் திணிப்பதைவிட, குறிப்பில் பெயரோடு சொல்லுவது மாணவனுக்கு நேர்மை என்பது நம் எண்ணம். மாறாகக் கருதுவோரும் உண்டு.

ஆனால் பையனின் கேள்வி இன்னும் நின்றது. அதற்கு விடை, பாடத்துக்குக் குறித்த வரிகளில் இல்லை. முன்னுரையில் இன்னும் கீழே இருந்தது. அங்கே சங்கரர் பசு ஒன்றைக் கொண்டுவருகிறார். கோலை ஓங்கி வருபவனைக் கண்டால் பசு விலகி ஓடுகிறது. கைநிறையப் பசும்புல் ஏந்தி வருபவனை நோக்கி நெருங்குகிறது. கற்றறிந்த மனிதரும் ஓங்கிய வாளுக்கு விலகுகின்றனர். இதில் பசுவுக்கும் அவருக்கும் வேற்றுமை இல்லை என்கிறார். காண்டல் முதலாகிய அளவைகளும், விதியும் விலக்கும் வீடும் கூறும் சாத்திரங்களுங்கூட இந்த வழக்குக்குள்ளேயே நடைபெறுகின்றன என்றும் தெளிவாகச் சொல்லுகிறார். கோல் இல்லை என்றோ அடி வலிக்காது என்றோ அவர் கூறவில்லை. அவர் எடுத்துக்கொண்ட வினா வேறு. உடம்பு மெலிந்தால் 'நான் மெலிந்தேன்' என்கிறோம். கண் போனால் 'நான் குருடன்' என்கிறோம். மனைவி மக்கள் நலிந்தால் 'நானே நலிந்தேன்' என்கிறோம். இந்த 'நான்' எப்படி அங்கே போய் ஒட்டிக்கொண்டது என்பதே வினா.

மறுநாள் அவனிடம் பசுவின் கதையைச் சொன்னோம். விரல் போனது போனதுதான், வலி வலிதான், நட்ட ஈடு கேட்பதும் முறைதான். சங்கரர் கேள்வி, 'கை ஊனமாயிற்று' என்பது எந்தக் கணத்தில் 'நான் ஊனமானேன்' என்று மாறிற்று என்பது மட்டுமே என்றோம். அவன் சிறிது நேரம் சும்மா இருந்தான். "அப்பா தினமும் அதைத்தான் சார் சொல்றார். கை போச்சுன்னு சொல்றதில்லை. நான் எதுக்கும் உதவாதவனாயிட்டேன்னு சொல்றார்" என்றான்.

அதன்பின் 'இல்யூஷன்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் அடித்தோம். பாடத்திட்டத்தில் இல்லாத பசுவைக் குறிப்புகளில் முதலாவதாகச் சேர்த்தோம்.

எஞ்சியது தலைச்சொல்லாகிய 'அத்தியாசம்'. இதற்கு வழங்கும் ஆங்கிலச் சொல் 'ஸூப்பர்இம்பொஸிஷன்'. ஒரு தாளின் மேல் மற்றொரு தாளை வேண்டுமென்றே வைப்பது போன்ற எண்ணத்தை அது தருகிறது. இரண்டு தாளும் அங்கே இருக்கின்றன என்றும் நினைக்கச் செய்கிறது. சங்கரர் தரும் உதாரணங்களைப் பார்த்தால் அப்படியில்லை என்பது விளங்கும். கிளிஞ்சல் வெள்ளியாய்த் தோன்றுகிறது. ஒரே நிலவு இரண்டுபோல் தோன்றுகிறது. வெள்ளி அங்கே இல்லை. இரண்டாம் நிலவு எங்குமே இல்லை. பாம்பும் கயிறும் என்ற உவமை நம்மில் எல்லோருக்கும் தெரிந்ததாதலால், அதையும் இங்கேயே சங்கரர் சொல்லியதாகக் குறிப்பெழுதுவோர் உண்டு. இம்முன்னுரையில் அவ்வுவமை வரவில்லை; அவர் எடுத்துக்காட்டுவனவற்றில் கிளிஞ்சலும் நிலவும் உண்டு. நிலவு உதாரணத்தை மாணவர் அங்கேயே செய்து பார்த்தனர். கண்ணோரத்தை விரலால் மெல்ல அழுத்தினால், சனத்நகர் தெருவிளக்கும் இரண்டாகத்தான் தெரிகிறது. விரலை எடுத்தபோது ஒரு விளக்கு அணைந்துபோனதாக ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே, வழக்கிலுள்ள ஆங்கிலச் சொல்லைத் தேர்வுக்காக ஒருமுறை காட்டிவிட்டு, மற்ற இடங்களில் 'ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல்' என்ற எளிய தொடரையே வைத்தோம். குறிப்பில் நம் ஊர்ப் பெயரையும் முனிவரையும் உதாரணமாகச் சேர்த்தோம். பையன்கள் நன்றாகச் சிரித்தனர்.

மூன்றாம் படி ஒருவாறு நிலைத்தது. மூலம் கால் பக்கம், ஆங்கிலம் அரைப் பக்கம், குறிப்புகள் மூன்று பக்கம். இந்த அளவு நேயர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். குறிப்பைக் குறைக்க வேண்டுமென்று முயன்றபோதெல்லாம், குறிப்பிலிருந்த விளக்கம் மொழிபெயர்ப்புக்குள் நழுவி வந்து, ஆசிரியர் சொல்லாததை அவர் சொன்னதாக ஆக்கிற்று. ஆகவே குறைக்கவில்லை. ஒரு சொல் மட்டும் இன்னும் நமக்கு நிறைவு தரவில்லை. இந்த வழக்கு 'இயல்பானது' என்று சங்கரர் கூறுவதை 'நேச்சுரல்' என்று எழுதினால், இயல்பானது நல்லதுதானே என்று மாணவர் கொள்கின்றனர். வேறு சொல் அகப்படவில்லை. அவ்விடத்தில் பென்சிலால் ஒரு கோடு இட்டு வைத்திருக்கிறோம்.

தேர்வு முடிந்த பின் அந்தத் தமிழ்ப் பையன் மட்டும் ஒருநாள் வந்தான். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர இயலுமா என்று கேட்டான். இருவருமாக உட்கார்ந்தோம். 'மித்யா' என்ற இடம் வந்ததும், 'பொய்' என்று எழுதலாமா என்றான். அந்தச் சொல்லை அவர் எப்படிப் படிப்பார் என்று எண்ணிப் பார்த்தோம். பிறகு அந்த வாக்கியத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, பசுவிலிருந்து எழுதத் தொடங்கினோம்.